குரங்கை நீக்கிய சராசரி

ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியில் நான் தக்காளி வளர்ப்பதை இன்ஸ்டாகிராமில் 9,200 பேர் பின்தொடர்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதில் சேர்த்தி இல்லை. என் தொட்டித் தண்ணீர் அவர் சுவரில் இறங்குவதால் அவர் என்னை நேரிலேயே பின்தொடர்கிறார்.

இத்தனை பேர் இருந்தும் ஒரு கம்பெனிகூடக் காசோடு வரவில்லையே என்று புலம்பினேன். "மீடியா கிட் இருக்காப்பா?" என்றாள் பி.காம் படிக்கும் மகள். முதலுதவிப் பெட்டி போல ஏதோ என்று நினைத்தேன். ஜாதகம்தான் அது என்று விளக்கினாள். நாம் யார், நம்மை யார் பார்க்கிறார்கள், இதற்கு முன் யாருக்கு என்ன செய்தோம், இப்போது என்ன கேட்கிறோம். அதை ஆறு ஸ்லைடு கேரோசலாக்கிப் பக்கத்தின் உச்சியில் பின் பண்ணிவிட்டால், வருகிற கம்பெனிக்காரர் விரலால் தள்ளியே பார்த்துவிடுவார்.

முதல் ஸ்லைடில் பூவாளியோடு என் படம். அதைவிட்டுவிடலாம். வம்பு இரண்டாவதில் வந்தது.

பார்வையாளர் கணக்கை எழுத உட்கார்ந்தேன். கடைசி 90 நாளில் 12 ரீல். ஒவ்வொன்றும் எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்று கூட்டி, 12-ஆல் வகுத்தேன். சராசரி 36,000 சொச்சம். பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு ரீலுக்கு எவ்வளவு கேட்கலாம் என்று மனைவியிடம் யோசனை கேட்கும்போது மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல குரங்கு இருக்காப்பா?"

இருந்தது. பதினொரு ரீல்கள் ஆளுக்கு 2,500 பேரைத் தொட்டிருந்தன. பன்னிரண்டாவது மட்டும் 4,10,000. அதில் நான் வேப்பம் புண்ணாக்கின் மகிமையை விளக்கிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என் தக்காளிகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கீழே போடும். வேப்பம் புண்ணாக்கை ஒருவரும் கவனிக்கவில்லை.

"பன்னிரண்டையும் சின்னதுலேர்ந்து பெருசா வரிசையா எழுதுங்க. நடுவுல நிக்கிற எண்தான் உங்க எண்."

நடுவில் 2,500 நின்றது. கம்பெனியில் இதைப் பார்ப்பவர் எப்படியும் பக்கத்துக்குப் போய் நாலு ரீலைத் தட்டிப் பார்ப்பார், அப்போது 36,000 எங்கே என்று தேடுவார் என்றாள். ஊர்க் கணக்கும் கவிழ்ந்தது. குரங்கு ரீலைப் பார்த்தவர்களில் முன்னணியில் நின்ற ஊர்கள் டெல்லியும் லக்னோவும். திருச்சி உரக்கடைக்காரருக்கு லக்னோவால் என்ன லாபம்? குரங்கைத் தூக்கிவிட்டு எழுதினோம்: 2,500 பேர், பெரும்பாலும் திருச்சி, மதுரை, கோவை, முப்பத்தைந்து வயதுக்கு மேல். எண்ணைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

முந்தைய வேலைகள் ஸ்லைடில் 'பல முன்னணி நிறுவனங்களுடன்' என்று ஆரம்பித்திருந்தேன். ஒரு விதைக்கடை இரண்டு பாக்கெட் கீரை விதை இனாமாகக் கொடுத்ததைத்தான் அப்படிச் சொன்னேன். அதை அடித்துவிட்டு, தென்னைநார்க் கழிவு விற்பவருக்குச் செய்ததை எழுதச் சொன்னாள். THAKKALI10 என்று ஒரு கூப்பன் கொடுத்திருந்தோம். அதைப் போட்டு ஒன்பது பேர் வாங்கினார்கள். ஒன்பதையெல்லாம் ஊரறியச் சொல்வார்களா என்றேன். "லைக் போட்டவன் காசு குடுக்கலப்பா. இந்த ஒம்போது பேர் குடுத்திருக்காங்க."

கடைசி ஸ்லைடு, என்னென்ன செய்து தருவோம் என்பது. 'எதுவானாலும் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதினேன். இப்படிப் பேசிக்கொண்டதில்தான் போன வருஷம் ஒரு கம்பெனி என் ரீலை எடுத்துத் தன் விளம்பரமாக மாதக்கணக்கில் ஓட்டியது. என் மச்சினர் எதைத் திறந்தாலும் நான் மண்புழுவோடு வந்து நின்றிருக்கிறேன். எனக்கு வந்தது ஒரு மூட்டை உரம். ஆகவே மகள் பிரித்து எழுதினாள்: ஒரு ரீலும் இரண்டு ஸ்டோரியும் ஒரு விலை. அதே ரீலை அவர்கள் விளம்பரமாக ஓட்டினால் 30 நாளுக்குத் தனி விலை. அந்த மாதம் போட்டிக் கம்பெனியைத் தொடக்கூடாது என்றால் அதற்கும் தனி. கட்டண விளம்பரம் என்ற அடையாளம் கட்டாயம் இருக்கும். மறைக்கச் சொல்பவர்கள் வரவேண்டாம்.

கேரோசல் ஏறிய ஒன்பதாம் நாள் போன் வந்தது. தோட்ட வலை விற்கும் கம்பெனி. நாடு முழுக்க அனுப்புகிறார்களாம்.

"சார், உங்க கிட் பார்த்தோம், சுத்தமா இருக்கு. ஆனா அந்தக் குரங்கு ரீலோட எண் ஏன் இல்ல? எங்களுக்கு டெல்லி, லக்னோதான் பெரிய மார்க்கெட். அங்க மாடி பூரா குரங்கு."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"வலை கட்டறதுக்கு முன்னாடி, கட்டினதுக்குப் பின்னாடின்னு ஒரு ரீல். குரங்கு வரும்ல சார்?"

வரும் என்று சொல்லிவிட்டேன். முன்பணமும் வந்துவிட்டது. மூன்று நாளாகப் பழுத்த தக்காளியைச் சுவரோரம் அடுக்கி வைத்துக் காமிராவோடு காத்திருக்கிறேன். அணில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்.