தாழ்ப்பாளை மறக்காதீர்கள்

கேள்வி: ஆறு வாரமாக ஒருவரோடு பழகினேன், எட்டு முறை சந்தித்தோம். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. வாட்ஸ்அப்பில் எப்படிச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: குறை இருந்தால் சண்டை போட்டுப் பிரியலாம், அந்த வசதி உங்களுக்கு இல்லை. அதற்காக ஒரு குறையைத் தயாரிக்காதீர்கள். ‘ஆபீஸில் வேலை அதிகம்’ என்று எழுதினால் அந்த நல்ல மனிதர் மார்ச் முடியும்வரை காத்திருப்பார். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லும் அப்படித்தான். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளை மறந்த மாதிரி.

இப்படி எழுதிப் பாருங்கள்: “இந்த ஆறு வாரமும் உங்களோடு பேசியது பிடித்திருந்தது. அன்றைக்கு மழையில் பஸ் வரும்வரை கூடவே நின்றீர்களே, அதை மறக்க மாட்டேன். ஆனால் எனக்குக் காதல் வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை. அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை.”

பஸ் என் கற்பனை. அந்த இடத்தில் உங்களுக்குள் நடந்த ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் வங்கி அனுப்பும் செய்தி போலிருக்கும். கடைசியில் ‘என்ன நினைக்கிறீர்கள்?’ வேண்டாம், பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள், மனிதர் தூங்க வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்டால் ஒரே ஒரு முறை அதே பதிலைச் சொல்லுங்கள். புதுக் காரணம் சொன்னால், அதைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பார்.

‘நண்பர்களாக இருப்போம்’ என்பதை, அடுத்த வாரம் அவர் கூப்பிட்டால் போனை எடுப்பீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள்.