பியூரெட் காலியானால் என்ன எழுதுவது?

கேள்வி: வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு பார்க்க டைட்ரேஷன் செய்தேன். 50 மி.லி. தண்ணீருக்கு மூன்று பியூரெட் சில்வர் நைட்ரேட் காலி. மூன்று முறை செய்தும் கான்கார்டன்ட் வேல்யூ வரவில்லை. மறுபடி செய்ய லேப் டெக்னீஷியனிடம் மெயிலில் எப்படிக் கேட்பது?
– கல்லூரி மாணவி, மீஞ்சூர்

பதில்: ‘ப்ளீஸ் சார், இன்னொரு சான்ஸ்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சில்வர் நைட்ரேட் விலை அதிகம். இந்த முறை எவ்வளவு செலவாகும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதுங்கள்:

‘வணக்கம் சார். என் குளோரைடு டைட்ரேஷனை மறுபடி செய்ய அனுமதி வேண்டும். தண்ணீரை நீர்க்கச் செய்யாமல் எடுத்ததால் ஒவ்வொரு முறையும் சுமார் 150 மி.லி. சில்வர் நைட்ரேட் ஆனது. பியூரெட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பியதில் ரீடிங் பிசகியது. வெள்ளை வீழ்படிவு மண்டியதால் எண்ட் பாயின்டும் பிடிபடவில்லை. இந்த முறை 10 மி.லி. தண்ணீரை ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் 100 மி.லி. ஆக்கி, அதில் 50 மி.லி. எடுப்பேன். ஒரு முறைக்கு 15 மி.லி. போதும். பிளாங்க், கழுவுவது எல்லாம் சேர்த்து 0.0141 நார்மல் கரைசல் 100 மி.லி. வேண்டும். கழிவைத் தனி பாட்டிலில் ஊற்றிவிடுகிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள் சார்.’

கேள்வி: எண்ட் பாயின்டை எங்கே நிறுத்துவது?

பதில்: குரோமேட் சேர்த்த மஞ்சள் கரைசலில் முதலில் வெள்ளையாக சில்வர் குளோரைடுதான் படியும். குளோரைடு தீர்ந்த பிறகே சிவப்பு சில்வர் குரோமேட் உண்டாகும். சொட்டு விழும் இடத்தில் சிவந்து, குலுக்கினால் மறைந்தால் இன்னும் முடியவில்லை. மறையாமல் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் நின்றதும் மூடுங்கள். செங்கல் நிறம் வரும்வரை ஊற்றினால் தாண்டிவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறத்தில் நிறுத்தினால் ரீடிங் எப்படி ஒத்துப்போகும்? காய்ச்சி வடித்த நீரில் முதலில் பிளாங்க் செய்து, அந்த நிறத்தையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரீடிங்கைக் கணக்கில் கழிக்கவும் வேண்டும்.

கேள்வி: தோழிக்கு 20 மி.லி.யிலேயே முடிந்துவிட்டதே! அவள் ரீடிங்கை எழுதினால் என்ன?

பதில்: அது அவள் கிணறு. சென்னைக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்தே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஊருக்குள்ளேயே உப்பு இடத்துக்கு இடம் மாறும். அவள் ரீடிங்கை எழுதினால் உங்கள் கிணற்றுக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: கணக்கை எப்படிப் போடுவது?

பதில்: 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட் கரைசலில் 1 மி.லி., 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். பிளாங்க் கழித்து 15 மி.லி. வந்தால் 7.5 மில்லிகிராம். நீங்கள் எடுத்த 50 மி.லி.யில் கிணற்றுத் தண்ணீர் 5 மி.லி.தான் என்பதை மறக்காதீர்கள். ஆக, லிட்டருக்கு 1,500 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் 250. வேறு தண்ணீரே இல்லாத இடத்திலும் 1,000 வரைதான். உங்கள் ரீடிங் 15-ஐ ஒட்டி வந்தால், குடிக்க வேறு தண்ணீர் பிடிக்கச் சொல்லி வீட்டில் சொல்லிவிடுங்கள்.