யார் மனமும் கோணாத அண்ணாச்சி

புதுக்கோட்டை என்றதும் சமஸ்தானத்துக்குப் போய்விடாதீர்கள். இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள எங்கள் புதுக்கோட்டை. இங்குள்ள ஏற்றுமதி குடோனில் டாக்குமென்டேஷன் பார்க்கிறவர் அண்ணாச்சி. அவருக்கு மேலே இரண்டு மேனேஜர்கள். பெட்டி ஏற்றப் போகும் டிரெய்லர் என்னுடையது.

11 மணிக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் மெயில்: "இன்றைக்கே லோடு ஏற்றி, இரவு 8 மணி கட்-ஆஃபுக்குள் கேட்-இன் செய்யவும்." 11.20க்கு அக்கவுண்ட்ஸ் மேனேஜர்: "பார்ட்டி பணம் வரும்வரை பெட்டியை நகர்த்தக் கூடாது."

வேறு யாராக இருந்தாலும் ஒருவரிடம் ஓடி இன்னொருவரைப் போட்டுக் கொடுப்பார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கடிதத்தில் மனிதர்களே கிடையாது, மணிகள்தான் உண்டு. "நீங்கள் சொன்னீர்கள்" என்று எழுதவே மாட்டார். "11 மணி மெயில்படி", "11.20 மெயில்படி" என்றுதான் வரும். இருவர் பெயரும் பெறுநர் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவரை நகல் வரிசைக்குத் தள்ளினால் அதுவே தீர்ப்பாகிவிடுமாம்.

பதில் இதுதான்: "11 மணி மெயில்படி லோடு ஏற்றி சீல் வைக்கப்படுகிறது. 11.20 மெயில்படி பெட்டி குடோன் வாசலைத் தாண்டாது. துறைமுகம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், 6 மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் பணம் வந்தால் இரண்டு மெயிலும் நிறைவேறும். வராவிட்டால், அனுப்புவதா, அடுத்த கப்பலுக்கு மாற்றுவதா என்று 5.30க்குள் இருவரும் சேர்ந்து தெரிவிக்கவும். பதில் இல்லையெனில் பெட்டி இங்கேயே இருக்கும்."

அந்தக் கடைசி வரியில்தான் மூளை இருக்கிறது. நின்ற பெட்டியை நாளைக்கும் அனுப்பலாம்; கப்பலேறிய பெட்டியைத் திருப்ப முடியுமா?

எடைச் சான்று இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க இதே விதி. எடைமேடைக்கு ஓட்டினால் 'நகர்த்தியது' ஆகிவிடுமே! அண்ணாச்சி அசரவில்லை. மூட்டைகளின் எடை, அடுக்கிய கட்டைகளின் எடை, கதவில் அச்சிட்டிருக்கும் காலிப் பெட்டி எடை மூன்றையும் கூட்டிச் சான்று போட்டார். விதியில் அந்த வழியும் இருக்கிறது. டயர் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

5.10க்குப் பணம் வந்தது. இரண்டு மேனேஜர்களும் தாம் சொன்னதுதான் நடந்தது என்று மகிழ்ந்தார்கள். எனக்கு எரிகிறது அங்கேதான். இருவரும் முரண்பட்டார்கள் என்பதே இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமும் இதே இரண்டு மெயில் வரும், என் வண்டி இதே வாசலில் வெயில் காயும்.

"அண்ணாச்சி, பகல் முழுக்க நின்னதுக்கு ஹால்டிங் யார் தருவா?"

கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மெயில்லயும் அதப் பத்தி ஒண்ணும் இல்லையே தம்பி."