ஒன்றுக்கு அடுத்தது பத்து

ஒரு பூ மலர்வதைப் படம் படமாக எடுத்து வீடியோவாகக் கோக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். img1.png முதல் img120.png வரை 120 படங்கள். பெயர்களை எழுத்துவரிசையில் அடுக்கும் நிரலிடம் கொடுத்தால் முதலில் 1 வரும், அடுத்து 10, அதற்கடுத்து 100. மொட்டு பட்டென்று விரியும். 109 வரை விரிந்தே இருந்துவிட்டு, 11 வந்ததும் மறுபடி சுருங்கிக்கொள்ளும். இரண்டாம் படத்துக்குக் கிடைப்பது 33ஆவது இடம். கடைசியில் வருவது 99. மலர்கிறோமா, வாடுகிறோமா என்று பூவுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இதற்காகக் கணினியைத் திட்டுவது நியாயமில்லை. அகராதிக்காரர் போல அதுவும் இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் ஒப்பிடுகிறது. 10, 2 இரண்டிலும் முதல் எழுத்தைப் பார்க்கிறது. 2ஐவிட 1 சிறியது. தீர்ப்பு அங்கேயே முடிந்தது. பின்னால் நிற்கும் சுழியத்தை யாரும் விசாரிப்பதில்லை. அடுத்தடுத்து வரும் இலக்கங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகப் படிக்கச் சொன்னால் போதும், பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import re
files.sort(key=lambda f: [int(x) if x.isdigit() else x
                          for x in re.split(r'(\d+)', f)])
```

“என் திரையில் வரிசை சரியாகத்தானே இருக்கிறது?” என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அதன் கோப்புறைச் சாளரம் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்குகிறது. சிக்கலே அங்கேதான். கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று, நிரலின் கைக்குப் போகும் வரிசை வேறொன்று. லினக்ஸிலோ வெறும் `ls` எழுத்துவரிசைக்காரர். `ls -v` என்றால்தான் எண்ணை மதிப்பார். ஆகவே சாளரத்தைப் பார்த்துத் திருப்திப்படுவது எதற்கும் சாட்சியாகாது.

“முன்னால் சுழியம் போட்டு 001 என்று பெயர் வைத்தால் தொல்லையே இல்லையே?” நல்ல பழக்கம்தான், பெயர் வைப்பது நாமாக இருக்கும்வரை. மூன்று இலக்கம் போதும் என்று நம்பியவருக்கு ஆயிரமாவது படம் வரும் நாளில், 1000 போய் 100க்கும் 101க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். தேதிப்படி அடுக்கலாம் என்பவர்களும் உண்டு. படங்களை ஒருமுறை வேறு இடத்துக்கு நகலெடுத்தால் பல சமயம் தேதியும் மாறிவிடும். அந்த யோசனையை அத்தோடு விட்டுவிடலாம்.

எதிர்வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். கேமராக்களில் DSC_9999 முடிந்ததும் எண் மறுபடி DSC_0001 என்று தொடங்கும். அப்போது எண்வரிசையும் ஏமாற்றும், பின்பாதி முன்னால் வந்து நிற்கும். அங்கே படத்துக்குள் கேமரா பதிந்துவைத்த எடுத்த நேரத்தைத்தான் கேட்க வேண்டும். மற்ற இடங்களிலெல்லாம் எண்வரிசையே சரி. எதுவானாலும், கோக்கும் முன் நிரல் வைத்திருக்கும் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களை அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு அடுத்து பத்து நின்றால், வீடியோவைத் தொடங்காதீர்கள்.