புள்ளி வைத்த தொகை

2006 மார்ச்சில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரசபை, ஏறக்குறைய 48,000 வீடுகள் கொண்ட தன் வீட்டுவசதி நிறுவனத்தை ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. விலை சுமார் 170 கோடி யூரோ. கடன் போக நகரத்துக்கு மிஞ்சியது 100 கோடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் உண்மைதான், எதைச் சொல்கிறோம் என்று குறிக்காவிட்டால் 70 கோடியை ஆவியாக்கிவிடலாம்.

அங்கே நம்மவர்கள் சங்கம் வைத்தால் இன்னும் கொண்டாட்டம். ஜெர்மனியில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி சென்ட்டைப் பிரிக்கும். பொங்கல் விழா ஒலிபெருக்கி வாடகைக்கு '1.250 அனுமதி' என்று செயலாளர் எழுதுவார். ஊரிலிருந்து புதிதாய் வந்த பொருளாளர், ஒன்றேகால் யூரோவுக்கு மைக்செட்டா என்று மகிழ்வார். பில் வரும்போது 19 சதவீத வரியும் சேர்ந்து 1.487,50 ஆகியிருக்கும். தலைவர் தனியாக அனுமதிக்கும் வரம்பு 1.400 என்றால், வரிக்கு முன் அவர் உத்தமர். வரிக்குப் பின் விதிமீறியவர். வரம்பு வரியோடா, இல்லாமலா என்று எந்தத் தீர்மானத்திலும் இருக்காது.

ஆகவே செயலாளர்களே, இப்படி எழுதுங்கள்: "வரி உட்பட 1.487,50 யூரோ, தலைவரின் வரம்பான 1.400 யூரோவை (வரி உட்பட) மீறுவதால் பொதுக்குழு ஒப்புதல் அளித்தது."