ஓய்வு பெற்றவருக்குச் சம்பள உயர்வு

பெரிய நிறுவனங்களில் மென்பொருள்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. 'ஏற்கலாம்' என்றால் தாராளமாக வாங்கலாம். 'நிறுத்திவை' என்றால் இருப்பது இருக்கட்டும், புதிதாக எங்கும் போடக்கூடாது. 'ஓய்வு' என்றால் குறித்த தேதிக்குள் கழற்றிவிட வேண்டும். ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

விண்டோஸ் 10-ஐ எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14 அன்று அதன் இலவச ஆதரவு முடியும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்தாகிவிட்டது. பட்டியலிலும் 'ஓய்வு' என்று சிவப்பில் எழுதியாகிவிட்டது. ஆனால் கிடங்கில் லேபிள் அடிக்கும் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. எழுதிக் கொடுத்த கம்பெனியும் இப்போது இல்லை. உடனே ஒரு விதிவிலக்குப் படிவம், ஓராண்டுக்கு மட்டும்.

அந்த ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால், நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பட்டியல் விலை கணினிக்கு 61 டாலர். அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தாலும் முதலாண்டுக் காசையும் கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கும் ஆக மொத்தம் 427 டாலர். ஓய்வு பெற்றவருக்கு ஆண்டுதோறும் சம்பளம் இரட்டிப்பாவது இந்தத் துறையில் மட்டும்தான்.

விதிவிலக்குப் படிவத்தில் மூன்று கட்டங்களைப் பாருங்கள்: முடிவுத் தேதி, பொறுப்பாளர், மாற்று மென்பொருளுக்கு ஒதுக்கிய பணம். தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பொறுப்பாளர் வேலையை விட்டுப்போய், பணக் கட்டம் காலியாக இருந்தால், அந்த மென்பொருள் ஓய்வு பெறவில்லை. நிரந்தரமாகிவிட்டது.