தலை பெருத்த தாள்

அத்திப்பட்டில் ஒரு சின்ன கிளினிக். அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் உடல்தகுதிச் சான்றுக்கு வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். லெட்டர்பேடில் டாக்டருக்குத் தன்வந்திரி படம் வேண்டும், ஸ்டெதஸ்கோப் வேண்டும், மனைவியின் பட்டங்களும் வேண்டும். ஹெட்டர் 90 மில்லிமீட்டர். ஃபுட்டரில் நேரம், விடுமுறை, மருந்துக்கடை விளம்பரம்: 55. ஏ4 தாளின் உயரம் 297. மிச்சம் 152, வரிக்கு 6 வைத்தால் இருபத்தைந்து வரி. தேதி, பெயர், கையெழுத்து, முத்திரை போக, நோய்க்கு ஒதுங்க இடமில்லை.

நடுவில் வாட்டர்மார்க் இதயம் வேறு. தாளில் வெளிர்நீலம், கம்பெனியில் ஜெராக்ஸ் எடுத்தால் சாம்பல் திட்டு. ரத்த அழுத்தம் 120ஆ 170ஆ என்று தெரியாது.

இத்தனைக்கும் மருந்துச்சீட்டு, சான்றிதழ், ரசீதில் இருந்தே ஆகவேண்டியது டாக்டரின் பதிவு எண். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி அப்படிச் சொல்கிறது. அந்த எண்தான் ஸ்டெதஸ்கோப் குழாய்க்கு அடியில் எறும்பு எழுத்தில் ஒளிந்திருக்கும்.

ஹெட்டருக்கு 40, ஃபுட்டருக்கு 20 போதும். அச்சடித்த தாளில் டைப் செய்ய, வேர்டில் மேல் மார்ஜின் 45, கீழ் 25 என்று வைத்துவிட்டால் 227 மில்லிமீட்டர் வெறுமை கிடைக்கும். முப்பத்தேழு வரி. இரண்டாம் பக்கத்துக்கு வெற்றுத்தாள். அழகான யோசனைதான், தன்வந்திரியை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் யார் பேசுவது?